பதிதம், பிளவு, மறைதுறப்பு: வரலாற்றுக் கட்டுரையில் இந்த மூன்றையும் எப்படி எழுதுவது

போன மாதம் குடியாத்தத்திலிருந்து ஒரு எம்.ஏ. மாணவர் கட்டுரையைக் காட்ட வந்தார். காட்பாடியில் என் வீட்டுத் திண்ணையில் மாலை நேரத்தில் நாலைந்து பேர் இப்படி வருவது வழக்கம். தலைப்பு, நான்காம் நூற்றாண்டு வட ஆப்பிரிக்கக் கிறித்தவம். நல்ல உழைப்புப் போட்டிருந்தார், ஆனால் இரண்டாம் பக்கத்தில் இப்படி ஒரு வரி இருந்தது:

"விசுவாச துரோகியான டொனாட்டஸ் பரப்பிய பதிதக் கொள்கையால் திருச்சபையில் பெரும் பிளவு ஏற்பட்டது."

ஒரே வரியில் மூன்று குற்றச்சாட்டு. அடியில் கோடு போட்டுக் காட்டினேன். "மூணும் கிட்டத்தட்ட ஒண்ணுதானே சார், வேற வேற வார்த்தை போட்டா நல்லா இருக்கும்னு போட்டேன்" என்றார். இந்தத் தவறு அவர் ஒருவருடையது இல்லை. திருத்துகிற கட்டுரைகளில் பாதிக்கு மேல் இதைப் பார்க்கிறேன், அச்சான பாடக் குறிப்புகளிலும் பார்க்கிறேன். அதனால் அந்த ஒரு வரியையே எடுத்துக்கொண்டு, படிப்படியாக அதைச் சரி செய்து காட்டுகிறேன். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் யார் ஆயர் என்பதில் கிளம்பிய டொனாட்டஸ் விவகாரம் இதற்கு வாகானது, ஏனென்றால் மூன்று குற்றச்சாட்டுகளும் அந்த ஒரே சண்டையில், வேறு வேறு ஆண்டுகளில், வேறு வேறு ஆட்கள் வாயிலிருந்து வருகின்றன.

முதல் படி: எது முறிந்தது என்று கேளுங்கள்

ஆங்கிலப் புத்தகங்களில் ஹெரெசி, ஸ்கிசம், அபோஸ்டசி என்று வருவதைத்தான் சொல்கிறேன். மூன்றும் கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தவை. ஹைரெசிஸ் என்றால் தேர்ந்தெடுத்தல், அதிலிருந்து 'ஒரு தரப்பு', 'ஒரு பள்ளி' என்ற பொருள். ஸ்கிஸ்மா என்றால் கிழிசல், துணி கிழிகிறதே அது. அபோஸ்டாசியா என்றால் விலகிப் போதல், ஒரு அரசனுக்கு எதிராகக் கலகம் செய்வதற்கும் அந்தச் சொல் உண்டு.

கிறித்தவச் சபை வழக்கில் இவை இறுகிய பிறகு, மூன்றும் மூன்று வெவ்வேறு பொருளின் முறிவைக் குறித்தன. சபைக்குள் இருந்துகொண்டே, சபை கட்டாயம் என்று சொல்லும் ஒரு போதனையைப் பிடிவாதமாக மறுத்தால் அது ஹெரெசி. போதனையில் தகராறு இல்லாமல், ஆயரோடு அல்லது மற்றச் சபைகளோடு இருக்கும் உறவை அறுத்துக்கொண்டு தனிப் பீடம் வைத்தால் அது ஸ்கிசம். கிறித்தவ நம்பிக்கையையே மொத்தமாக விட்டு வெளியே போனால் அபோஸ்டசி. கத்தோலிக்கத் திருச்சபையின் 1983 சட்டத் தொகுப்பில் 751-ஆம் விதி இந்த மூன்றையும் ஒரே இடத்தில் இப்படித்தான் பிரித்துச் சொல்கிறது. அங்கே ஸ்கிசம் என்பதற்குப் பாப்பரசருக்குக் கீழ்ப்படிய மறுப்பதும் அளவுகோல்.

ஆனால் 1983-இன் வரையறையை 311-ஆம் ஆண்டுக் கார்த்தேஜுக்குள் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. வரையறை உங்களுக்குக் கேள்வி கேட்கத்தான் உதவும்: போதனையா, உறவா, நம்பிக்கையே போயிற்றா? பதிலை அந்தக் காலத்து ஆவணத்தில்தான் தேட வேண்டும்.

தமிழ்ச் சொல்லில் இருக்கும் சிக்கல்

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் பிள்ளைகள் தடுமாறுவதற்குப் பாதிக் காரணம் தமிழ்ச் சொற்கள்தான்.

பழைய கத்தோலிக்கத் தமிழில் ஹெரெசி செய்தவரைப் 'பதிதர்' என்பார்கள். அந்தச் சொல்லின் வேர்ப்பொருள் 'விழுந்தவர்'. போதனையில் தவறியவரா, மதத்தையே விட்டவரா, சாதியை விட்டு நீக்கப்பட்டவரா என்பது அந்தச் சொல்லில் தெரியாது. எல்லாவற்றுக்கும் புழங்கியிருக்கிறது. வேலூர்ப் பக்கம் சி.எஸ்.ஐ. வீடுகளில் வளர்ந்த மாணவர்களுக்குப் பழைய மொழிபெயர்ப்பு வேதாகமம்தான் பழக்கம். அதில் பாருங்கள், கிரேக்கத்தில் ஒரே சொல்லான ஹைரெசிஸ், அப்போஸ்தலர் நடபடிகள் 24-இல் 'மதபேதம்', முதலாம் கொரிந்தியர் 11-இல் 'மார்க்கபேதம்', இரண்டாம் பேதுரு 2-இல் 'வேதப்புரட்டு'. மூன்றும் மூன்று சூடு. மதபேதம் என்றால் வித்தியாசம்தான், வேதப்புரட்டு என்றால் மோசடி. மொழிபெயர்த்தவர்கள் இடத்துக்குத் தகுந்தபடி செய்திருக்கிறார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நீங்கள் கட்டுரையில் எடுக்கும்போது எந்தச் சூட்டோடு எடுக்கிறீர்கள் என்று தெரிந்து எடுக்க வேண்டும். மாணவர் எழுதிய 'விசுவாச துரோகி'யும் அப்படித்தான், இரண்டாம் தெசலோனிக்கேயர் 2-இல் 'விசுவாச துரோகம்' என்று வருவது அபோஸ்டாசியா. துரோகம் என்ற சொல்லைப் போட்டவுடனே தீர்ப்பும் எழுதியாகிவிட்டது.

நான் சொல்வது, கட்டுரையின் முதல் பக்கத்திலேயே மூன்று சொற்களைத் தேர்ந்துகொண்டு, எதை எதற்கு வைக்கிறீர்கள் என்று இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள், கடைசி வரை மாற்றாதீர்கள். நான் கொள்கைத் திரிபு, சபைப் பிளவு, மறைதுறப்பு என்று வைத்துக்கொள்வேன். 'திரிபு' என்றாலும் சரியானது ஒன்று எங்கோ இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட மாதிரிதான், அது தெரியும். 'மாற்றுக் கொள்கை' என்று மென்மையாக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். ஒருவரை ஊரைவிட்டுத் துரத்தக் காரணமான சொல்லை மாற்றுக் கொள்கை என்று எழுதினால், ஏன் துரத்தினார்கள் என்பதே வாசகருக்குப் புரியாது. சொல்லின் கடுமை இருக்கட்டும், அது யாருடைய கடுமை என்று எழுதுங்கள்.

இரண்டாம் படி: சண்டையை ஆண்டு வாரியாக விரித்து வையுங்கள்

இனி டொனாட்டஸ் விவகாரம். 303-இல் ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் கிறித்தவர்களுக்கு எதிராக ஆணை போடுகிறார். கோவில்களை இடிக்க வேண்டும், வேதப் புத்தகங்களை அதிகாரிகளிடம் ஒப்படைக்க வேண்டும், எரித்துவிடுவார்கள். ஒப்படைத்தவர்களை லத்தீனில் 'டிராடிடோர்' என்றார்கள், கையில் கொடுத்தவர் என்று பொருள். காட்டிக்கொடுப்பவருக்கும் அதே சொல்தான்.

அந்த ஒப்படைப்பு எப்படி நடந்தது என்பதற்கு ஒரு பதிவு மிஞ்சியிருக்கிறது. நுமிடியாவின் சிர்ட்டா நகரம், இன்றைய அல்ஜீரியாவில் கான்ஸ்டன்டைன். 303 மே 19. நகர அதிகாரி சபை கூடும் வீட்டுக்கு வருகிறார், எழுத்தர் பட்டியல் எடுக்கிறார்: பொற்கிண்ணம் 2, வெள்ளிக் கிண்ணம் 6, பெண்களின் மேலாடை 82, ஆண்களுடையது 16, ஆண்களின் செருப்பு 13 ஜோடி, பெண்களுடையது 47 ஜோடி. ஏழைகளுக்குக் கொடுக்க வைத்திருந்த துணிமணிகளாக இருக்க வேண்டும். ஆயர் உட்கார்ந்திருக்கிறார், உதவியாளர்கள் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைக்கிறார்கள். அப்புறம் வாசகர்களின் வீடு வீடாகப் போய்ப் புத்தகங்களை வாங்குகிறார்கள்.

இந்தக் காட்சியை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், இது மறைதுறப்பா? இவர்கள் கிறிஸ்துவை மறுதலிக்கவில்லை, தேவர்களுக்குப் பலி கொடுக்கவில்லை. புத்தகத்தைக் கொடுத்தார்கள். சிலருக்கு அது பயத்தில் செய்த பலவீனம். சிலருக்கு அது மறைதுறப்பேதான், ஏனென்றால் அதே ஊர்ப்பக்கத்தில் புத்தகத்தைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிச் செத்தவர்கள் இருந்தார்கள். கார்த்தேஜின் ஆயர் மென்சூரியஸ் மூன்றாவதாக ஒரு வழி கண்டார். கொள்கைத் திரிபுக்காரர்களின் புத்தகங்களை எடுத்துக் கோவிலில் வைத்துவிட்டு, வந்தவர்கள் அதை எடுத்துப் போகட்டும் என்று விட்டதாகச் சொல்லிக்கொண்டார். அப்படிச் செய்ததும் தப்பு என்று அவரைக் குறைகூறியவர்கள் இருந்தார்கள்.

ஆக, மறைதுறப்பு என்ற சொல்லுக்கு எல்லை எது என்பதுதான் முதல் தகராறு. கட்டுரையில் 'வட ஆப்பிரிக்க ஆயர்கள் பலர் மறைதுறந்தனர்' என்று எழுதினால் நீங்கள் தெரியாமலே ஒரு தரப்பில் போய் உட்கார்ந்துவிட்டீர்கள். 'வேதநூல்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்தனர். கண்டிப்பான தரப்பினர் இதை மறைதுறப்பாகவே கருதினர்' என்று எழுதுங்கள். செயலுக்கு ஒரு வாக்கியம், அதற்கு வைத்த பெயருக்கு ஒரு வாக்கியம். இந்த இரண்டு வாக்கிய வழக்கத்தைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து 311 வாக்கில் மென்சூரியஸ் இறந்துபோகிறார். செசிலியன் என்ற உதவியாளரை ஆயராக்குகிறார்கள். அவர் தலையில் கை வைத்துத் திருநிலைப்படுத்தியவர் அப்துங்காவின் ஆயர் ஃபெலிக்ஸ். ஃபெலிக்ஸ் புத்தகத்தை ஒப்படைத்தவர், அவர் கைபட்ட பதவி செல்லாது என்று நுமிடிய ஆயர்கள் சுமார் 70 பேர் கூடிச் சொல்லி, மயோரினஸ் என்பவரை எதிர் ஆயராக்குகிறார்கள். அவர் சீக்கிரமே இறந்துபோக, அந்த இடத்துக்கு வந்தவர்தான் டொனாட்டஸ். இப்போது மாணவரின் வரியைத் திரும்பப் பாருங்கள். 'விசுவாச துரோகியான டொனாட்டஸ்' என்பது தலைகீழ். துரோகம் செய்ததாகக் குற்றம் சாட்டியதே டொனாட்டஸ் தரப்பு, சாட்டப்பட்டது எதிர்த்தரப்பு.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், தோற்ற தரப்பின் மீது எல்லாக் கெட்ட சொல்லையும் ஏற்றிவிடும் பழக்கம் நமக்கு இருக்கிறது. பெயரே அப்படித்தான். 'டொனாட்டிஸ்டுகள்' என்று தங்களை அவர்கள் சொல்லிக்கொள்ளவில்லை, தங்களைத் திருச்சபை என்றுதான் சொன்னார்கள். எதிர்த்தரப்பைத்தான் செசிலியனின் ஆட்கள் என்றார்கள். கட்டுரையில் டொனாட்டிஸ்ட் என்ற பெயரை விட முடியாது, புழக்கம் அது. ஒரு முறை மட்டும் 'எதிரிகள் வைத்த பெயர்' என்று சொல்லிவிட்டுத் தொடருங்கள்.

விசாரணைகள் நடந்தன. 313-இல் ரோமில், 314-இல் ஆர்ல் நகரில், இரண்டிலும் செசிலியன் பக்கம் தீர்ப்பு. ஃபெலிக்ஸ் மீதான குற்றச்சாட்டைத் தனியாக விசாரித்தபோது, ஆதாரமாகக் காட்டிய கடிதத்தில் பின்னால் வரிகளைச் சேர்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தது, அவர் விடுபட்டார். 320-இல் இன்னொன்று வெளியே வந்தது. டொனாட்டஸ் தரப்பில் சிர்ட்டாவின் ஆயராக இருந்த சில்வானஸ், 303-இல் அந்தப் பட்டியல் எடுத்த நாளன்று உதவியாளராக நின்று வெள்ளி விளக்கையும் பேழையையும் கொண்டுவந்து கொடுத்தவர். அந்தப் பட்டியல் இன்று நமக்குக் கிடைப்பதே இந்த 320 விசாரணையில் அதை வாசித்ததால்தான். சான்று எந்தச் சண்டைக்காகப் பாதுகாக்கப்பட்டது என்பதையும் கட்டுரையில் ஒரு வார்த்தை சொல்வது நல்லது.

மூன்றாம் படி: பெயர் எந்த ஆண்டில் மாறியது, மாற்றியதால் யாருக்கு என்ன ஆயிற்று

இதுவரை நடந்தது சபைப் பிளவு. இதில் அந்தக் காலத்து ஆட்களே பெரும்பாலும் ஒத்துப்போனார்கள். ஒரே விசுவாச அறிக்கை, ஒரே வேதம், ஒரே ஞானஸ்நானச் சடங்கு, இரண்டு ஆயர்கள். 360-களில் மிலேவிஸ் நகர ஆயர் ஒப்டாட்டஸ், டொனாட்டிஸ்டுகளின் கார்த்தேஜ் ஆயர் பர்மேனியனுக்கு எதிராக எழுதும்போது இதை வெளிப்படையாகவே சொல்கிறார்: நீங்கள் திரிபுக்காரர்கள் இல்லை, பிரிந்து போனவர்கள், திரிபுக்காரர்களோடு உங்களைச் சேர்த்துப் பேசாதீர்கள் என்கிறார். எதிரியைச் 'சகோதரன்' என்றே அழைக்கிறார். 360-களைப் பற்றி எழுதும் பத்தியில் டொனாட்டிஸ்டுகளைக் கொள்கைத் திரிபினர் என்று போட்டீர்களானால் அவர்களுடைய எதிரி எழுதியதற்கே நீங்கள் மாறாக எழுதுகிறீர்கள்.

அப்படியானால் திரிபு என்ற பெயர் எப்போது வந்தது? இதற்கு ஒரு வழக்கைப் பார்க்க வேண்டும், எனக்கு இந்த மொத்தக் கதையிலும் முக்கியமான இடம் இதுதான்.

கலாமா நகரம், இன்றைய குவெல்மா. அங்கே இரண்டு ஆயர்கள், செசிலியன் வழிவந்த கத்தோலிக்கத் தரப்பில் பொசிடியஸ், டொனாட்டிஸ்டு தரப்பில் கிரிஸ்பினஸ். 403-இல் பொசிடியஸ் வழியில் போகும்போது கிரிஸ்பினஸின் ஆட்கள் மடக்கித் தாக்குகிறார்கள். அடிதடி வழக்காகப் போயிருக்கலாம். ஆனால் கத்தோலிக்கத் தரப்பு வேறு சட்டத்தை எடுத்தது. 392-இல் பேரரசர் தியோடோசியஸ் போட்ட சட்டம், திரிபுக்காரர்களின் குருக்களுக்குப் பத்துப் பவுண்டு தங்கம் அபராதம் என்கிறது. ரோமப் பவுண்டு கணக்கில் மூன்றேகால் கிலோ, நம் கணக்கில் 400 பவுனுக்குக் கொஞ்சம் மேலே. அந்தச் சட்டத்தில் டொனாட்டிஸ்டு என்ற பெயர் கிடையாது. அதனால் நீதிமன்றத்தில் கேள்வி ஒன்றே ஒன்று: கிரிஸ்பினஸ் கொள்கைத் திரிபினரா, இல்லையா? இல்லை என்று அவர் வாதாடினார். ஆமாம் என்று மாகாண ஆளுநரான புரோகான்சல் தீர்ப்புச் சொன்னார். அபராதத்தை வசூலிக்க வேண்டாம் என்று பொசிடியஸ் தரப்பே கேட்டுக்கொண்டது. அப்படியும் கிரிஸ்பினஸ் பேரரசரிடம் மேல்முறையீடு போனார், அங்கேயும் தோற்றார்.

பணம் போகாது என்றான பிறகும் ஒருவர் ஏன் மேல்முறையீடு போகிறார்? பெயருக்காக. அந்தப் பெயர் ஒட்டிவிட்டால் அத்தனை டொனாட்டிஸ்டுகள் மீதும் அந்தச் சட்டம் பாயும். சபைப் பிளவுக்குத் தண்டனைச் சட்டம் அவ்வளவு கிடையாது, திரிபுக்கு நிறைய இருந்தது. ஆக, ஒரு சொல்லுக்கும் இன்னொரு சொல்லுக்கும் நடுவில் 400 பவுன் இருந்தது.

405 பிப்ரவரியில் பேரரசர் ஹொனோரியஸ் அதைச் சட்டமாகவே எழுதிவிட்டார். அவர்கள் ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குத் திரும்ப ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள், அதனால் பிளவிலிருந்து திரிபு பிறந்துவிட்டது என்பது சட்டத்தின் வாதம். இதற்கு இறையியல் பக்கத்தில் வேலை செய்தவர் ஹிப்போவின் ஆயர் அகஸ்டின். கிரெஸ்கோனியஸ் என்ற டொனாட்டிஸ்டு இலக்கண ஆசிரியர், இரண்டு தரப்புக்கும் ஒரே மதம், ஒரே சடங்கு, ஆகவே இது பிளவுதான், திரிபு இல்லை என்று சொல்லின் பொருளைப் பிரித்துக் காட்டினார். அகஸ்டின் கொடுத்த பதில், நாட்பட்டுப் போன பிளவே திரிபு என்பது.

வாதம் எப்படி நகர்கிறது பாருங்கள். 311-இலிருந்து 405 வரை டொனாட்டிஸ்டுகள் தங்கள் போதனையை மாற்றிக்கொள்ளவில்லை. மறுஞானஸ்நானம் புதிதில்லை, மூன்றாம் நூற்றாண்டிலேயே கார்த்தேஜின் ஆயர் சிப்ரியன், வெளித்தரப்பில் பெற்ற ஞானஸ்நானம் செல்லாது என்று வாதாடியவர், அவரை இரண்டு தரப்பும் புனிதராகக் கொண்டாடியது. மாறியது அவர்களைப் பற்றிய வகைப்பாடு. இதைக் கண்டுபிடித்து எழுதுவதுதான் வரலாற்றுக் கட்டுரையின் வேலை. 'டொனாட்டிசம் கொள்கைத் திரிபா, சபைப் பிளவா' என்று வினாத்தாளில் கேட்டால், இரண்டில் ஒன்றைத் தேர்ந்து எழுதாதீர்கள். எந்த ஆண்டுவரை எது, யார் சொன்னது, எதற்காக மாற்றினார்கள் என்று எழுதுங்கள்.

நான்காம் படி: வாக்கியத்தில் எழுவாயைத் தேடுங்கள்

எழுதி முடித்த பிறகு, மூன்று சொற்களில் ஒன்று வரும் ஒவ்வொரு வாக்கியத்தையும் பென்சிலால் வட்டமிடுங்கள். யார் அப்படிச் சொன்னார் என்பது வாக்கியத்திலோ முந்தின வாக்கியத்திலோ இருக்கிறதா என்று பாருங்கள். 'கருதப்பட்டனர்', 'அழைக்கப்பட்டனர்' என்று ஆளில்லாமல் முடித்திருந்தால் அது ஓட்டை. யாரால்? ஆர்ல் சபையாலா, ஹொனோரியஸின் சட்டத்தாலா, அகஸ்டினாலா? மூன்றும் ஒரே காலத்தவை இல்லை, ஒரே அதிகாரமும் இல்லை.

இதற்கு நல்ல மாதிரி வேண்டுமானால் நான் முன்னே சொன்ன நடபடிகள் 24-ஆம் அதிகாரம்தான். நீதிமன்றத்தில் நிற்கும் பவுல், 'இவர்கள் மதபேதம் என்று சொல்லுகிற மார்க்கத்தின்படியே' என்று பேசுகிறார். குற்றச்சாட்டுச் சொல்லை மறைக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. 'இவர்கள் சொல்லுகிற' என்று ஒரு பெயரெச்சத்தில் முடித்துவிட்டார். தமிழில் நமக்கு இந்த வசதி கைக்கு அருகிலேயே இருக்கிறது, 'என்று அவர்கள் கூறிய', 'எனச் சட்டம் வகைப்படுத்திய' என்று போட்டுவிடலாம், வாக்கியம் நொண்டாது.

ஆனால் எல்லா இடத்திலும் இதையே போட்டு வாசகரைக் களைப்பாக்கவும் கூடாது. சட்ட நிலையைச் சொல்லும்போது நேராகவே எழுதலாம்: '405-க்குப் பிறகு டொனாட்டிஸ்டுகள் சட்டப்படி கொள்கைத் திரிபினர்.' சட்டம் அப்படித்தான் சொல்லியது, அது ஒரு நிகழ்ச்சி. மேற்கோள் குறியை ஒவ்வொரு முறையும் மாட்டுவதும் வேண்டாம், அது எழுதுபவர் கிண்டல் செய்வதுபோலத் தெரியும். முதல் முறை மட்டும் போதும்.

அந்த மாணவரும் நானும் உட்கார்ந்து, அவருடைய ஒரு வரியை இப்படி மாற்றினோம்:

"311 வாக்கில் செசிலியன் கார்த்தேஜின் ஆயரானபோது, வேதநூல்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்தவர் என்று குற்றம் சாட்டப்பட்ட ஒருவர் அவரைத் திருநிலைப்படுத்தினார் எனக் கூறி நுமிடிய ஆயர்கள் அவரை ஏற்க மறுத்தனர். ஒப்படைப்பை அவர்கள் மறைதுறப்புக்கு நிகராகவே கண்டனர். எதிர் ஆயராக முதலில் மயோரினஸும் பின்னர் டொனாட்டஸும் வந்ததில் சபைப் பிளவு நிலைத்தது. ஒப்டாட்டஸ் முதலிய எதிர்த்தரப்பினரும் இதைப் பிளவு என்றே குறித்தனர். கொள்கைத் திரிபு என்ற வகைப்பாடு கிரிஸ்பினஸ் வழக்கிலும் 405-ஆம் ஆண்டுச் சட்டத்திலும்தான் உறுதிப்பட்டது. தண்டனைச் சட்டங்கள் டொனாட்டிஸ்டுகள் மீது பாய்வதற்கு அது வழி செய்தது."

ஒரு வரி ஆறு வரியானது உண்மை. சொல் எண்ணிக்கை தாண்டுகிறதே என்று கவலைப்பட்டார். மூன்றாம் பக்கத்தில் அகஸ்டினின் இளமைக் காலம் பற்றி அரைப் பக்கம் இருந்தது, அதை எடுத்துவிட்டோம்.

இந்தச் சொற்கள் செல்லாத இடங்கள்

இந்த மூன்றும் கிறித்தவச் சபை அமைப்போடு பிறந்தவை. ஒரு மையம், அது கட்டாயமாக்கிய போதனை, யார் உள்ளே யார் வெளியே என்ற கணக்கு, இவை இருந்தால்தான் இந்தச் சொற்களுக்குப் பிடிமானம். வடகலை, தென்கலை விவகாரத்தை ஸ்கிசம் என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். அருள் பற்றிய கருத்து வேறுபாடும் உண்டு, கோவில் உரிமை வழக்குகளும் உண்டு, ஆனால் இரண்டு தரப்பும் எந்த ஒரு பீடத்தோடு இருந்த உறவை முறித்தார்கள்? அங்கே 'கலைப் பிரிவு' என்ற சொந்தச் சொல் இருக்கிறது, அதுவே போதும். வள்ளிமலையின் சமணச் சிற்பங்களைப் பார்த்துவிட்டு வந்த ஒருவர், திருநாவுக்கரசரை மறைதுறந்தவர் என்று எழுதலாமா என்று கேட்டார். பெரியபுராணம் சொல்கிறபடி அவர் சமணத்தில் தருமசேனராக இருந்து சைவத்துக்குத் திரும்பியவர். சைவ நூல் அதைத் திரும்பி வந்ததாகச் சொல்கிறது, சமணர்கள் பார்வையில் அது விட்டுப் போனது. நாம் எழுதும்போது 'சமணத்தை விட்டுச் சைவத்துக்கு வந்தார்' என்றால் நடந்தது முழுவதும் வந்துவிடுகிறது.

சரி, நம் பக்கத்துக் கிறித்தவ வரலாற்றை எழுதுபவர்களுக்கு ஒன்று. 1838-இல் பாப்பரசர் பதினாறாம் கிரகோரி ஒரு மடல் வழியாக மயிலாப்பூர் உட்பட சில இடங்களில் போர்த்துக்கீசியரின் அதிகாரத்தை நீக்கினார். கோவாவோடேயே நின்ற குருக்களும் மக்களும் அதை ஏற்கவில்லை. எதிர்த்தரப்பு ஆவணங்களில் இதற்குப் பெயர் 'கோவா ஸ்கிசம்', அந்த மக்களுக்குப் பெயர் 'பிரிவினைக்காரர்'. அந்த மக்களோ, தாங்கள் அசையவே இல்லை, பழைய ஆயரோடுதான் இருக்கிறோம் என்றார்கள். போதனையில் ஒரு எழுத்துக்கூட வித்தியாசம் இல்லை. 1886-இல் ஒப்பந்தம் வந்து தகராறு பெரும்பாலும் தீர்ந்தது. அந்த நடு ஐம்பது ஆண்டுகளில் எழுதப்பட்ட மிஷன் அறிக்கைகளைத்தான் நம் மாணவர்கள் இப்போது சான்றாக எடுக்கிறார்கள். அதில் 'இந்த ஊரில் இத்தனை பிரிவினைக்காரர் குடும்பங்கள்' என்று இருந்தால், அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளும்போதே பக்கத்தில் அறிக்கை எழுதியவர் எந்தத் தரப்புக் குரு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.